வெப்பமானியில் ஒரு பிரிவு: நடுநிலையாக்கல் வெப்பத்தின் பிழைக் கணக்கு

வன்மையான அமிலமும் வன்மையான காரமும் நீர்த்த கரைசலில் வினைபுரிந்து ஒரு மோல் நீர் உருவாகும்போது வெளிப்படும் வெப்பமே நடுநிலையாக்கல் வெப்பம் அல்லது நடுநிலையாக்கல் என்தால்பி. 25 °செ வெப்பநிலையில் இது மோலுக்கு 55.8 கிலோஜூல். வெப்பம் வெளியேறுவதால் எதிர்க்குறி இட்டு −55.8 என்று எழுதுவது வழக்கம். கல்லூரி ஆய்வகத்தில் இதை அளக்க ஒரு தெர்மாகோல் கோப்பையும் ஒரு வெப்பமானியும் போதும். கிடைக்கும் எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று சொல்வதுதான் ஆய்வறிக்கையின் கடினமான பகுதி.

ஒரு மாதிரிச் சோதனையை எடுத்துக்கொள்ளலாம். கோப்பையில் 1.00 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 50 மி.லி. இருக்கிறது. அதில் 1.05 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 50 மி.லி. சேர்க்கப்படுகிறது. அமிலம் முழுவதும் தீர்ந்துவிட வேண்டும் என்பதற்காகவே காரம் சற்றுக் கூடுதலாக வைக்கப்படுகிறது. இரண்டு கரைசல்களும் 28.0 °செ வெப்பநிலையில் இருந்தன. கலந்து கலக்கியபின் வெப்பமானி காட்டிய உச்சம் 34.2. ஆக உயர்வு 6.2 டிகிரி.

கலவையை 100 கிராம் தண்ணீர் என்றே வைத்துக்கொண்டால், 100 × 4.18 × 6.2 என்ற பெருக்கல் ஏறக்குறைய 2,590 ஜூல் தருகிறது. வினைபுரிந்த அமிலம் 0.0500 மோல். வகுத்தால் மோலுக்கு 51.8 கிலோஜூல். பல அறிக்கைகள் இங்கேயே நின்று, ஏற்கப்பட்ட மதிப்பிலிருந்து எத்தனை விழுக்காடு விலகல் என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுகின்றன. அந்த விலகல் கருவியின் எல்லையால் வந்ததா, செய்முறையின் குறையால் வந்ததா என்பதை அந்த ஒற்றை வரி சொல்லாது.

அதை அறிய, ஒவ்வோர் அளவிலும் எவ்வளவு ஐயம் இருக்கிறது என்று முதலில் எழுத வேண்டும். வெப்பமானியில் 0.2 டிகிரிக்கு ஒரு கோடு இருந்தால், அளவீட்டை ±0.1 வரை நம்பலாம். உயர்வு என்பது இரண்டு அளவீடுகளின் வேறுபாடு. இரண்டிலும் ஐயம் உண்டு. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஐயங்களை அப்படியே கூட்டுவதில்லை. அவற்றின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் காண வேண்டும், ஏனெனில் இரண்டும் ஒரே திசையில் முழு அளவுக்குத் தவறுவது அரிது. இங்கே கிடைப்பது ±0.14 டிகிரி. 34.2-இல் 0.14 அற்பமாகத் தெரியும். ஆனால் கணக்கில் நுழைவது 6.2 என்ற வேறுபாடு மட்டுமே, அதில் 0.14 என்பது 2.3 விழுக்காடு. பெரிய எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழித்துச் சிறிய எண்ணைப் பெறும் இடத்தில்தான் ஐயம் ஊதிப் பெருகுகிறது.

அமிலத்தின் செறிவில் ஒரு விழுக்காடு ஐயம் என்று கொள்வோம். அளவுருளையால் எடுத்த ஒவ்வொரு 50 மி.லி.யிலும் ±0.5 மி.லி., அதாவது அதுவும் ஒரு விழுக்காடு. இந்தக் கனஅளவில்தான் மாணவர் பலர் தடுமாறுகிறார்கள். அமிலத்தின் கனஅளவு கணக்கில் இரண்டு இடங்களில் வருகிறது: மேலே கலவையின் நிறையில், கீழே மோல் எண்ணிக்கையில். அமிலத்தை ஒரு விழுக்காடு கூடுதலாக ஊற்றிவிட்டால் மோல் எண்ணிக்கை ஒரு விழுக்காடு கூடும். கலவையில் அமிலம் பாதிதான் என்பதால் மொத்த நிறை அரை விழுக்காடு கூடும். வகுக்கும்போது பாதி அடிபட்டுப் போகிறது. அரை விழுக்காடுதான் மிச்சம். காரத்தின் கனஅளவும் அரை விழுக்காடு தருகிறது. இரண்டும் சேர்ந்து 0.7. நிறைக்கு ஒன்று, மோலுக்கு ஒன்று என்று தனித்தனியாகப் போட்டால் இது 1.2 ஆகிவிடும். ஒரே பிழை இரண்டு முறை எண்ணப்பட்டதன் விளைவு அது.

2.3, 1, 0.7 ஆகிய மூன்றையும் வர்க்கமூல முறையில் சேர்த்தால் 2.6 விழுக்காடு. முடிவு: −51.8 ± 1.3. வெப்பமானியே ஏறத்தாழ முழுப் பொறுப்பையும் சுமக்கிறது. மற்ற இரண்டும் சேர்ந்து 2.3-ஐ 2.6 ஆக்கியதோடு சரி.

இனி ஒப்பிடலாம். இந்த வினையின் வெப்பம் வெப்பநிலையோடு மாறும். ஒரு டிகிரி ஏறினால் மோலுக்குச் சுமார் 0.22 கிலோஜூல் குறையும். ஆகவே 28 டிகிரியில் எதிர்பார்க்க வேண்டிய மதிப்பு சுமார் −55.1. பாடநூல்கள் சிலவற்றில் காணும் −57.3 ஏறக்குறைய 18 டிகிரிக்குப் பொருந்துவது. வெப்பமான ஆய்வகத்தின் முடிவை அதனோடு ஒப்பிடுவது நியாயமல்ல. −55.1-க்கும் −51.8-க்கும் இடைவெளி 3.3, அது ஐயத்தின் இரண்டரை மடங்கு. இத்தனை விலகலைத் தற்செயல் ஏற்ற இறக்கத்தின் மேல் போட முடியாது. சோதனையைப் பத்து முறை திரும்பச் செய்து சராசரி எடுத்தாலும் அது மறையாது. இது முறையான பிழை, ஒரே பக்கமாக இழுப்பது.

எங்கிருந்து வருகிறது? கலவை உச்சத்தை எட்டுவதற்குள்ளேயே காற்றுக்கு வெப்பம் போகிறது. நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைக் குறித்து வரைபடம் போட்டு, குளிரும் கோட்டைக் கலந்த கணம் வரை பின்னோக்கி நீட்டினால் இழப்பற்ற உயர்வு தெரியும். இங்கே அது 6.4 என்று வைத்துக்கொள்வோம்.

கோப்பையும் வெப்பமானியும் குடித்த வெப்பம் அடுத்தது. கோப்பையில் உள்ள 28.0 டிகிரித் தண்ணீர் 50 மி.லி.யில் 48.0 டிகிரித் தண்ணீர் 50 மி.லி. ஊற்றினால் 38.0 வர வேண்டும், வந்தது 37.6. குறைந்த வெப்பத்தைக் கோப்பையின் கணக்கில் எழுதினால் டிகிரிக்கு 17 ஜூல். இந்த எண்ணும் அதே வெப்பமானியால் பெற்றதுதான், எனவே இதில் ±5 ஐயம் உண்டு.

மூன்றாவது பிழை எதிர்த்திசையில் இழுக்கிறது. கலவை தண்ணீர் அல்ல, நீர்த்த உப்புக் கரைசல். அதன் அடர்த்தி சற்றுக் கூட, தன்வெப்பம் சற்றுக் குறைவு, ஒரு மி.லி.யை ஒரு டிகிரி சூடாக்க 4.18-க்குப் பதில் சுமார் 4.10 ஜூல் போதும். தண்ணீர் என்று கொண்டதால் முதல் கணக்கு இரண்டு விழுக்காடு ஏறியே இருந்தது. வெப்ப இழப்பின் ஒரு பகுதியை அது மறைத்துக்கொண்டிருந்தது.

மூன்றையும் திருத்தினால் (410 + 17) × 6.4, ஏறக்குறைய 2,730 ஜூல், மோலுக்கு 54.7 கிலோஜூல். கோப்பையின் ஐயம் 1.2 விழுக்காட்டையும் சேர்த்தால் மொத்தம் 2.8 விழுக்காடு. முடிவு −54.7 ± 1.5. ஐயம் 1.3-இலிருந்து 1.5 ஆக ஏறியிருக்கிறது. மாணவருக்கு இது பின்னடைவாகத் தோன்றலாம். உண்மையில் முதல் கணக்கு தெரியாத ஒன்றைப் பூச்சியம் என்று கொண்டிருந்தது, இரண்டாவது அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. −55.1 இப்போது எல்லைக்குள் வந்துவிட்டது.

அடுத்த முறை எதை மாற்றுவது என்பதையும் இந்தக் கணக்கே சொல்கிறது. இரண்டு கரைசல்களையும் 100 மி.லி. ஆக்கினால் உயர்வு அதே 6.4 டிகிரிதான், வெப்பமும் இரட்டிக்கிறது, சூடாக வேண்டிய நீரும் இரட்டிக்கிறது. செறிவை 2 மோலார் ஆக்கினால் உயர்வு இரட்டிக்கும், ஆனால் வெப்ப இழப்பும் கூடும், கரைசலும் தண்ணீரிலிருந்து மேலும் விலகும். ±0.02 வரை நம்பத்தக்க மின்னணு வெப்பமானி வாங்கினால் உயர்வின் ஐயம் அரை விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிவிடும், கோப்பையின் எண்ணும் அதனோடு திருந்தும். அப்போது மிகப் பெரிய ஐயமாக எஞ்சுவது அமிலத்தின் செறிவு. உலர்த்திய சோடியம் கார்பனேட்டை எடைபோட்டுக் கரைத்து, அந்த அமிலத்தைத் தரம்பார்த்த பிறகே சோதனையைத் தொடங்க வேண்டும்.