ஏட்டில் ஏறிய நிலம்

கோவை அவிநாசி சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி ஒரு ஸ்பின்னிங் மில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 2004-ல் ஐந்து ஏக்கர் வாங்கியது. பத்திரச் செலவு, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 2 கோடி ரூபாய். அக்கம்பக்கத்தில் கல்லூரி வந்தது, சாலை அகலமானது, விலை ஏறிக்கொண்டே போனது. மில்லின் கணக்கில் மட்டும் அந்த நிலம் 2 கோடியிலேயே நின்றது. நிலத்துக்குத் தேய்மானம் போடுவதில்லை என்பதால் எண் குறையவும் இல்லை. வாங்கிய விலையிலேயே சொத்தைக் காட்டும் முறை என்பதால் கூடவும் இல்லை.

அப்படியே விட்டுவிடுவதில் சட்டப்படி தவறு கிடையாது. நம் நாட்டில் பெரும்பாலான நிறுவனங்கள் அப்படித்தான் வைத்திருக்கின்றன. ஆனால் கணக்கியல் தரநிலை இன்னொரு வழியையும் அனுமதிக்கிறது. அவ்வப்போது இன்றைய மதிப்பைக் கணித்து அந்த எண்ணையே ஏட்டில் எழுதலாம். இதுதான் மறுமதிப்பீடு. பட்டியலிடப்பட்ட பெரிய நிறுவனங்களுக்கு இண்ட் ஏஎஸ் 16, மற்றவற்றுக்கு ஏஎஸ் 10 என்ற தரநிலைகள் இதற்கு விதி வகுத்திருக்கின்றன. விதிகளின் சாரம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

நம் மில் மார்ச் 2017-ல் மதிப்பீட்டாளரை அழைக்கிறது. அவர் 10 கோடி என்று அறிக்கை தருகிறார். நிலக் கணக்கில் 8 கோடி பற்று. அதற்கு எதிர்ப்பதிவாக வரவு எங்கே போகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அது இலாப நட்டக் கணக்குக்குப் போகாது. பங்குதாரர் நிதிப் பகுதியில் ‘மறுமதிப்பீட்டு உபரி’ என்ற தனித் தலைப்பில் போய் உட்காரும். பிளஸ் டூவில் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு இங்கே ஒரு சந்தேகம் வரலாம். புதிய கூட்டாளி சேரும்போது மறுமதிப்பீட்டில் கிடைத்த இலாபத்தைப் பழைய கூட்டாளிகளின் முதல் கணக்கில் பிரித்துப் போட்டோமே என்று கேட்பார்கள். அது கூட்டாண்மையில், கூட்டாளிகளுக்குள் தீர்த்துக்கொள்ளும் கணக்கு. கம்பெனியில் அப்படிப் பிரித்துக் கொடுக்க முடியாது.

காரணம் எளிமையானது. மில்லின் வங்கிக் கணக்கில் ஒரு ரூபாய்கூடச் சேரவில்லை. நிலத்தை யாரும் வாங்கவும் இல்லை, விற்கவும் இல்லை. அதனால் 2013-ம் வருடத்துக் கம்பெனிகள் சட்டம் இந்த உபரியைச் சுற்றி நல்ல வேலி போட்டிருக்கிறது. பிரிவு 123-ன்படி இதிலிருந்து பங்காதாயம் கொடுக்கக் கூடாது. பிரிவு 63-ன்படி இதை மூலதனமாக்கி போனஸ் பங்கு வழங்கக் கூடாது. நிகர மதிப்பு எது என்று சொல்லும் வரையறையிலேயே இந்தக் காப்பு நீக்கப்பட்டிருக்கிறது. வங்கிகளும் கடன் கொடுக்கும்போது இந்தத் தொகையைக் கழித்துவிட்டுத்தான் பார்க்கின்றன. அப்படிக் கழிக்காவிட்டால் என்ன ஆகும்? மில்லின் கடன் 12 கோடி, பங்குதாரர் நிதி 6 கோடி என்றால் கடன் இரண்டு மடங்கு. மறுமதிப்பீடு முடிந்த மறுநாள் பங்குதாரர் நிதி 14 கோடி. கடன் அதைவிடக் குறைவாகத் தெரியும். ஒரு கிலோ நூல்கூடக் கூடுதலாக விற்கவில்லை, மில் மட்டும் திடீரென்று பலசாலியாகிவிடும்.

வங்கிகள் தங்கள் சொந்தக் கட்டடங்களையும் நிலத்தையும் மறுமதிப்பீடு செய்யும்போதும் இந்த எச்சரிக்கை உண்டு. மார்ச் 2016-ல் ரிசர்வ் வங்கி ஒரு சலுகை தந்தது. அத்தகைய உபரியை முதல்தர மூலதனத்தில் சேர்க்கலாம் என்றது. ஆனால் 55 சதவீதத்தைத் தள்ளுபடி செய்த பிறகு, அதாவது நூறு ரூபாயில் 45 ரூபாயை மட்டும். நிலம் விற்கும் நாளில் அந்த விலை கிடைக்குமா என்பது யாருக்கும் நிச்சயமில்லை என்பதை அந்த ஒரு சதவீதமே சொல்லிவிடுகிறது.

மில்லுக்குத் திரும்புவோம். 10 கோடி என்பது எந்த மதிப்பு? பதிவுத் துறை வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பை எடுத்து ஏக்கரால் பெருக்கிப் போட்டுவிடும் பழக்கம் நம் ஊரில் இருக்கிறது. அது தவறு. ஜூன் 2017-ல் தமிழக அரசு மாநிலம் முழுவதும் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தது. கூடவே பதிவுக் கட்டணத்தை 1 சதவீதத்திலிருந்து 4 சதவீதமாக உயர்த்தியது. வழிகாட்டி மதிப்பை நம்பி 10 கோடி எழுதிய மில், மூன்றே மாதத்தில் 6 கோடியே 70 லட்சத்துக்கு இறங்கியிருக்க வேண்டும். சந்தையில் அந்த நாளில் நிலத்துக்கு எதுவும் நேரவில்லை. முத்திரைத் தீர்வை வசூலுக்காக அரசு வைத்திருக்கும் எண் அது, அவ்வளவுதான். ஏப்ரல் 2023-ல் அந்த மதிப்பு பழைய நிலைக்கே திரும்பியது. அன்றைக்கும் நிலம் ஒரே நாளில் ஏறிவிடவில்லை. மறுமதிப்பீட்டுக்கு வேண்டியது, கட்டாயம் ஏதுமில்லாத ஒருவர் விற்று, விவரம் தெரிந்த ஒருவர் வாங்கினால் கிடைக்கும் விலை. நல்ல மதிப்பீட்டாளர் பக்கத்து நிலங்கள் எந்த விலைக்குக் கைமாறின என்று பார்ப்பார். சாலை முகப்பு எவ்வளவு, நில உபயோகம் தொழிலா குடியிருப்பா, வழக்கோ வில்லங்கமோ உண்டா என்பதையெல்லாம் கூட்டிக் கழித்து எழுதுவார்.

இனி இறங்கும் கதை. மார்ச் 2019-ல் ரியல் எஸ்டேட் மந்தம். நிலத்தின் மதிப்பு 6 கோடி என்று வருகிறது. 4 கோடி இறக்கம். இது மில்லுக்கு நட்டமா? இலாப நட்டக் கணக்கில் இல்லை. இதே நிலம் முன்பு ஏறியபோது சேர்த்த 8 கோடி உபரி கையில் இருக்கிறதே, அதிலிருந்து 4 கோடியைக் கழித்துக்கொள்ளலாம். உபரியில் மீதி 4 கோடி.

மார்ச் 2021-ல் நிலைமை மோசமாகிறது. நகரமைப்புத் திட்டத்தில் அந்த நிலத்தின் பெரும்பகுதி சாலைக்கும் பூங்காவுக்கும் ஒதுக்கப்படுகிறது. கட்டட அனுமதி கிடைக்காது. வாங்க ஆள் இல்லை. மதிப்பு ஒன்றரைக் கோடி. இறக்கம் நாலரைக் கோடி. உபரியில் இருப்பதோ 4 கோடி. அது முழுவதும் கரைந்து, மிச்சம் 50 லட்சம் அந்த வருட இலாப நட்டக் கணக்கில் நட்டமாக விழும். இந்த 50 லட்சம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். வாங்கிய விலை 2 கோடி, இன்றைய மதிப்பு ஒன்றரைக் கோடி, வித்தியாசம் அதேதான். ஏட்டில் ஏறியது ஏட்டிலேயே இறங்கிவிட்டது. கைக்காசு போட்டதில் குறைந்தது மட்டும் நட்டமாகிறது. விதியின் நியாயம் இதில் இருக்கிறது.

ஒதுக்கிய நிலத்தை மூன்று வருடத்துக்குள் கையகப்படுத்த நடவடிக்கை எடுக்காவிட்டால் ஒதுக்கீடு விலகிவிடும் என்று தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் பிரிவு 38 சொல்கிறது. நம் மில்லுக்கும் அப்படி நடக்கிறது. மார்ச் 2024-ல் மதிப்பு 5 கோடி. ஏற்றம் மூன்றரைக் கோடி. இதை முழுவதும் உபரியில் போட்டால் தவறு. முன்பு இலாப நட்டக் கணக்கில் நட்டம் எழுதிய 50 லட்சத்தை அதே கணக்கில் வருமானமாகத் திருப்ப வேண்டும். மீதி 3 கோடிதான் உபரிக்கு. சரிபார்க்க ஒரு வழி உண்டு. வாங்கிய விலை 2 கோடியும் உபரி 3 கோடியும் சேர்ந்தால் ஏட்டு மதிப்பு 5 கோடி வர வேண்டும். வராவிட்டால் நடுவில் எங்கோ பதிவு தவறியிருக்கிறது. (இண்ட் ஏஎஸ் பின்பற்றும் நிறுவனத்தில் உபரிக்கு எதிராக ஒத்திவைத்த வரியும் கழியும், கணக்கு புரிவதற்காக அதை இங்கே விட்டிருக்கிறேன்.)

இதுவரை ஒரே நிலம். மில்லுக்கு திருப்பூரில் இன்னொரு நிலமும் இருந்தால்? பலரும் வழுக்கி விழும் இடம் இது. கோவை நிலத்தை மட்டும் ஏற்றிக் காட்டி, திருப்பூர் நிலத்தைப் பழைய விலையில் விட முடியாது. ஒரு வகைச் சொத்தில் ஒன்றை மறுமதிப்பீடு செய்தால் அந்த வகையில் உள்ள எல்லாவற்றையும் செய்தாக வேண்டும். ஆனால் உபரியோ நிலத்துக்கு நிலம் தனி. கோவையில் 3 கோடி உபரி இருக்கிறது, திருப்பூரில் வாங்கிய விலைக்குக் கீழே 80 லட்சம் இறங்கியிருக்கிறது என்றால், கோவை உபரியை எடுத்துத் திருப்பூர் ஓட்டையை அடைக்கக் கூடாது. அந்த 80 லட்சம் நேராக நட்டக் கணக்குக்குத்தான் போக வேண்டும். இருப்புநிலைக் குறிப்பில் உபரி ஒரே வரியாகத் தெரிவதால் கணக்கரும் சில சமயம் அதை ஒரே பானையாக நினைத்துவிடுகிறார். ஒவ்வொரு நிலத்துக்கும் வாங்கிய விலை, மதிப்பிட்ட தேதி, உபரி, நட்டமெழுதிய தொகை என்று ஒரு பதிவேடு இல்லாத நிறுவனத்தில் இந்தத் தவறு நடந்தே தீரும்.

கடைசியில் நிலத்தை விற்கிறார்கள். ஐந்தரைக் கோடி கிடைக்கிறது. இலாப நட்டக் கணக்கில் வரும் இலாபம் 50 லட்சம் மட்டுமே, ஏனென்றால் ஏட்டு மதிப்பு 5 கோடி. உபரியில் கிடக்கும் 3 கோடி, இலாப நட்டக் கணக்கை எட்டிப் பார்க்காமலே பொதுக் காப்புக்கோ பகிர்ந்து தரா இலாபத்துக்கோ நேராக மாறும். இப்போது அது உண்மையான காசு; வேலி விலகிவிட்டது. வருமான வரித் துறைக்கு மட்டும் நடுவில் நடந்த ஏற்ற இறக்கம் எதுவும் கணக்கில்லை. வாங்கிய விலையை வைத்தே மூலதன ஆதாயத்தைப் பார்க்கும்.

கணக்கு தப்பாகப் போடுவதைவிடப் பெரிய கோளாறு, போடாமல் விடுவது. விலை ஏறிய வருடம் கடன் வேண்டும் என்பதற்காக மறுமதிப்பீடு செய்துவிட்டு, விலை இறங்கியபோது மதிப்பீட்டாளரைக் கூப்பிடாமலே இருந்துவிடுகிறார்கள். இந்த முறையைத் தேர்ந்தெடுத்தவருக்கு ஏறும்போது மட்டும் செய்யும் உரிமை இல்லை. விலை வேகமாக மாறும் இடமானால் வருடத்துக்கு ஒரு முறை, அதிகம் அசையாத இடமானால் மூன்று அல்லது ஐந்து வருடத்துக்கு ஒரு முறை, மதிப்பைப் புதுப்பித்தாக வேண்டும்.

நீங்கள் சிறு பங்குதாரராக இருந்தாலும் ஆண்டறிக்கையின் பின்பகுதியில் உள்ள குறிப்புகளைப் புரட்டுங்கள். கடைசி மறுமதிப்பீடு எந்த வருடம், பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் செய்தாரா என்று பாருங்கள். உபரி எத்தனை வருடமாக அசையாமல் நிற்கிறது என்பதையும் கவனியுங்கள். ஊரில் நிலவிலை இறங்கியிருக்க, உபரி மட்டும் இறங்காமல் நின்றால் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். பதில் சொல்ல வேண்டியது நிர்வாகத்தின் கடமை.