விண்ணப்பக் கடிதத்தின் முதல் வரி

‘தங்கள் நிறுவனத்தின் விளம்பரத்தை நாளிதழில் கண்டேன்’ என்று தொடங்கும் விண்ணப்பக் கடிதம், விளம்பரம் கொடுத்தவருக்கே அவருடைய விளம்பரத்தைப் பற்றிச் சொல்கிறது. எழுதியவர் என்ன செய்யத் தெரிந்தவர் என்பது அதில் இல்லை. எந்த விளம்பரம், எந்தத் தேதி என்ற விவரம் அலுவலகத்துக்குத் தேவைதான். ஆனால் அதற்குரிய இடம் ‘பொருள்’ என்ற தலைப்பு வரி. அங்கே பதவியின் பெயரையும் விளம்பரத் தேதியையும் எழுதிவிட்டால், முதல் வாக்கியத்தில் வேறு விஷயம் பேசலாம்.

என்ன பேசுவது என்பதற்கு விடை பெரும்பாலும் அந்த விளம்பரத்துக்குள்ளேயே இருக்கும். திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் கணக்கு உதவியாளர் தேடுவதாக வைத்துக்கொள்வோம். ‘டேலி, ஜிஎஸ்டி அனுபவம் தேவை’ என்பதுதான் விளம்பரம். நூலுக்கும் சாயத்துக்கும் கட்டிய வரியை நிறுவனம் வரவு வைக்க வேண்டுமானால், விற்றவர் தாக்கல் செய்த பில் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையில் வந்திருக்க வேண்டும். வராத பில்லுக்கான வரவு தள்ளிப்போகும். அதுவரை பணம் முடங்கும். மாதாமாதம் உள்ள இந்தத் தலைவலியைத் தீர்க்க ஆள் வேண்டும் என்பதே அந்த விளம்பரத்தின் உட்பொருள்.

அப்படியானால் முதல் வரி இவ்வாறு அமையலாம்: ‘ஈரோட்டில் ஒரு நூல் கடையில் இரண்டு ஆண்டுகளாக, மாதம் சுமார் 200 கொள்முதல் பில்களை 2பி அறிக்கையோடு ஒப்பிட்டு, விடுபட்டவற்றை விற்றவர்களிடம் பேசிச் சேர்க்கவைப்பது என் வேலை.’ எந்தப் பதவிக்கு விண்ணப்பம் என்பது அடுத்த வரியில் வந்தால் போதும். 200 என்ற எண்ணைப் பற்றி நேர்முகத் தேர்வில் நிச்சயம் கேட்பார்கள். விளக்க முடியாத எண்ணை எழுதாமல் இருப்பதே நல்லது.

பழைய வரியை விட்டவர்கள் பலர் ‘நான் கடின உழைப்பாளி, பொறுப்புணர்வு மிக்கவன்’ என்பதில் போய் விழுகிறார்கள். அதுவும் தேய்ந்த வரிதான். அதே பதவிக்கு விண்ணப்பிக்கும் இன்னொருவர் ஒரு சொல்கூட மாற்றாமல் தன் பெயரில் அனுப்ப முடியுமானால் அந்த வாக்கியம் தேறவில்லை. அனுபவமில்லாத பட்டதாரிக்கும் இந்தச் சோதனை உண்டு: கல்லூரிக் கூட்டுறவுப் பண்டகசாலையில் இருப்புக் கணக்கு பார்த்திருந்தால் அதைச் சொல்லலாம்.

அந்த நிறுவனத்தில் வேலை செய்யும் ஒருவர் பரிந்துரைத்திருந்தால், அவர் சம்மதத்தோடு அவர் பெயரையே முதலில் வைக்கலாம். படிவத்தை நிரப்பி அனுப்பும் அரசுத் தேர்வுகளில் இதற்கெல்லாம் வேலையில்லை. அங்கே அறிவிக்கை எண்ணைச் சரியாகக் குறிப்பிட்டால் போதும்.