40 டிகிரியில் 10 பிபிஎம்

தோல் பதனிடும் ஆலையில் முடி நீக்க சோடியம் சல்பைடு போடுவார்கள். அந்தக் கழிவுநீர் அமிலம் கலந்த நீரோடு சேர்ந்துவிட்டால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். வாயு நூறு பிபிஎம்மைத் தொட்டால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாமல் போகும். அதனால் இங்கே மூக்கை நம்ப முடியாது, கருவியைத்தான் நம்ப வேண்டும்.

2025 வரை நடப்பில் இருந்த இந்தியத் தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, இந்த வாயுவுக்கு எட்டு மணி நேரச் சராசரி வரம்பாக 10 பிபிஎம் என்றும் பக்கத்திலேயே கன மீட்டருக்கு 14 மில்லிகிராம் என்றும் சொன்னது. பிபிஎம் என்பது பத்து லட்சம் பங்கு காற்றில் வாயு எத்தனை பங்கு என்ற கணக்கு. மில்லிகிராம் எடைக் கணக்கு. இரண்டுக்கும் நடுவே நிற்பது, ஒரு மோல் வாயு எவ்வளவு இடம் பிடிக்கும் என்ற எண். 25 டிகிரி செல்சியஸிலும் இயல்பான காற்றழுத்தத்திலும் அது 24.45 லிட்டர்.

மில்லிகிராம் = பிபிஎம் × மூலக்கூறு எடை ÷ 24.45

ஹைட்ரஜன் சல்பைடின் மூலக்கூறு எடை 34.1. பத்தால் பெருக்கி 24.45-ஆல் வகுத்தால் 13.95 வரும். அதைத்தான் அட்டவணை 14 என்று முழுமையாக்கியிருந்தது.

சிக்கல் வெயிலில் வருகிறது. சூடானால் காற்று விரியும்; அதே கன மீட்டருக்குள் மூலக்கூறுகள் குறையும். பங்குக் கணக்கு மாறாது, எடைக் கணக்கு இறங்கும். ஒரு கற்பனைக் கணக்கு பார்க்கலாம். கழிவுநீர்த் தொட்டியருகே பகல் முழுக்க 40 டிகிரி. பம்பு வைத்துப் பிடித்த காற்றில் கன மீட்டருக்கு 13.5 மில்லிகிராம் இருந்ததாக ஆய்வகம் சொல்கிறது. வழக்கமான 24.45-ஐப் போட்டால் 9.7 பிபிஎம், வரம்புக்குள்தான் இருக்கிறோம் என்று கோப்பை மூடிவிடலாம். ஆனால் 40 டிகிரியில் ஒரு மோல் பிடிக்கும் இடம் வேறு. வெப்பநிலையோடு 273-ஐக் கூட்டி விகிதம் பார்க்க வேண்டும்: 24.45 × 313 ÷ 298 = 25.68. இப்போது 13.5 × 25.68 ÷ 34.1 செய்தால் 10.2 பிபிஎம். வரம்பு தாண்டிவிட்டது.

வித்தியாசம் ஐந்து சதவீதம்தான். அளவு மூன்றோ நான்கோ பிபிஎம்மாக இருந்தால் இதற்காக யாரும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. வரம்பை ஒட்டி நிற்கும்போதுதான் தீர்ப்பே மாறுகிறது. ஊட்டி மாதிரி உயரமான இடம் என்றால் அழுத்தமும் கணக்கில் வர வேண்டும். அங்கே காற்றழுத்தம் சமவெளியைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு, எனவே பிழை வெப்பத்தால் வருவதைவிடப் பெரிது.

திருத்துவதற்கு முன் ஆய்வக அறிக்கையின் அடிக்குறிப்பைப் படித்துவிடுவது நல்லது. சில ஆய்வகங்கள் பம்பு இழுத்த காற்றின் கன அளவை முன்பே 25 டிகிரிக்கு மாற்றித்தான் மில்லிகிராமைக் கொடுக்கும். அப்படிப்பட்ட எண்ணுக்கு 24.45-தான் சரி. அதன் மேல் இன்னொரு முறை திருத்தினால், வரம்புக்குள் இருக்கும் ஆலையும் தாண்டியதாகத் தெரியும்.