வலப்பக்க மரையின் எதிர்த்திசை

சைக்கிளின் பாட்டம் பிராக்கெட்டில் வலப்பக்கக் கப் அசையவில்லை என்றால், துருவைப் பழிப்பதற்கு முன் திருப்பும் திசையைப் பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் மரையுள்ள வண்டியில், செயின் இருக்கும் அந்தப் பக்கத்துக் கப்பைக் கடிகார முள் திசையில் திருப்பினால்தான் கழலும். இடப்பக்கம் வழக்கம்போல எதிர்த்திசைதான்.

ஏன் இந்த முரண்? மிதிக்கும்போது வலப்பக்க அச்சு கடிகாரத் திசையில் சுழல்கிறது. சுமை அழுத்தும் இடம் மாறிக்கொண்டே இருப்பதால், கப்புக்கும் சட்டத்துக்கும் இடையிலுள்ள நுண்ணிய இடைவெளியில் கப் எதிர்த்திசையில் மெல்ல ஊர்கிறது. சாதாரண மரையாக இருந்தால் அதுவே கழன்றுவிடும். இடமரையாக இருந்தால் இறுகும். இருபுறமும் சாதாரண மரை கொண்ட இத்தாலிய வண்டிகளில் வலப்பக்கக் கப் தளர்வது பழைய தொல்லை.

இறுகிய பழைய கப்புக்கு, அமெரிக்க மெக்கானிக் ஷெல்டன் பிரவுன் சொன்ன வழி அழகானது. முதலில் துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஓரிரவு ஊற விடலாம். இடப்பக்கக் கப்பையும் அச்சையும் எடுத்துவிட்டு, வலக் கப்பின் துளையில் தடித்த போல்ட்டை உள்ளிருந்து செருகி, இருபுறமும் வாஷர் வைத்து, வெளியே நட்டைப் பூட்ட வேண்டும். போல்ட் தலையைப் பிடித்துக்கொண்டு நட்டை நன்றாக முறுக்கி, பிடியை விட்டு நீண்ட ஸ்பேனரால் அதே திசையில் தொடர்ந்தால், நட் மேலும் இறுகிக் கப்பையும் சேர்த்துச் சுழற்றும். ஸ்பேனர் வழுக்கவும் வழியில்லை.

ஆனால் வண்டி இத்தாலிய மரையா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் இதே முறுக்கு கப்பை இன்னும் இறுக்கிவிடும்.