விசில் அடிக்காத குக்கரில் பயறும் பருப்பும்

எலெக்ட்ரிக் மல்டி குக்கரில் விசில் கணக்கு கிடையாது, நிமிடக் கணக்குதான். அந்தக் கணக்கில் பலர் சேர்க்காமல் விடுவது, நேரம் முடிந்தபின் ஆவி அடங்கும் நிமிடங்களை. பயறு முழுசாக வருமா, தோலுரிந்து வருமா என்பது பெரும்பாலும் அப்போதுதான் முடிவாகிறது.

சுண்டலுக்குக் கொண்டைக்கடலை வேகவைப்பதைப் பார்ப்போம். ஒரு கப் கடலையை 8 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துவிடுங்கள். கடலைக்கு மேல் இரண்டு விரற்கடை நிற்கும் அளவு புதுத் தண்ணீர் ஊற்றி உப்பு போடுங்கள். பயறு நுரைத்துப் பொங்கும் என்பதால் பாத்திரத்தில் பாதிக்கு மேல் போகக்கூடாது. ஹை பிரஷரில் 12 நிமிடம் வையுங்கள். பிரஷர் முழுதாக ஏறிய பிறகே அந்த 12 நிமிடம் ஓடத் தொடங்கும்.

நேரம் முடிந்ததும் வால்வைத் திறந்து ஆவியை உடனே விடுவது குவிக் ரிலீஸ். அப்போது உள்ளே தண்ணீர் ஏறக்குறைய 115 டிகிரி சூட்டில் இருக்கும். அதைக் கொதிக்கவிடாமல் அடக்கி வைத்திருப்பது பிரஷர்தான். அது சட்டென்று இறங்கினால் தண்ணீர் மொத்தமும் தளதளவென்று கொதித்து எழும். கடலைக்குள் இருக்கும் ஈரமும் ஆவியாகித் தோலைக் கிழிக்கும். வால்வு வழியே நுரை தெறித்தால் உடனே மூடிவிட்டு, சில நிமிடம் பொறுத்துத் திறக்க வேண்டும்.

ஆவி தானாக அடங்க விடுவது நேச்சுரல் ரிலீஸ். இதற்கு 15 முதல் 20 நிமிடம் ஆகும். மூடியிலுள்ள சிறிய பின் கீழே இறங்கினால் திறக்கலாம். அதுவரை கடலை அந்தச் சூட்டிலேயே மெல்ல வெந்துகொண்டிருக்கும், தோலும் கிழியாது. ஆகவே குவிக் ரிலீஸுக்குச் சொன்ன நேரத்தை அப்படியே வைத்து நேச்சுரலுக்கு மாறினால் பயறு குழைந்துவிடும். இரண்டு மூன்று நிமிடம் குறைத்து வையுங்கள்.

சாம்பாருக்கான துவரம்பருப்பில் தோல் இல்லை, மசியவும் வேண்டும். அங்கே கவலை நுரை மட்டுமே. ஹையில் 8 நிமிடம் வைத்து, 10 நிமிடம் தானாக அடங்கவிட்டு, மிச்ச ஆவியை வால்வைத் திறந்து விட்டால் போதும்.

லோ பிரஷரில் சூடு சுமார் 110 டிகிரிதான். ஊறிய பச்சைப்பயறு போல சீக்கிரம் குழைவதற்கு அது ஏற்றது. கொண்டைக்கடலைக்கு லோ வைத்தால் நேரம்தான் இழுக்கும்.

ராஜ்மாவை மட்டும் ஸ்லோ குக் பட்டனில் பச்சையாகப் போடாதீர்கள். அதிலுள்ள நச்சுப் பொருள் முறிய நல்ல கொதி வேண்டும். ஸ்லோ குக்கின் மிதமான சூடு அதற்குப் போதாது.

வெந்த கடலை ஒன்றை விரலால் நசுக்கிப் பாருங்கள். நடுவில் கெட்டியாக இருந்தால் நேரம் போதவில்லை, இன்னும் 3 நிமிடம் வையுங்கள். நடுவில் நன்றாக வெந்து தோல் மட்டும் கிழிந்திருந்தால், அடுத்த முறை இரண்டு மூன்று நிமிடம் குறைத்து வைத்து, ஆவி தானாக அடங்கும்வரை விடுங்கள்.