மூட்டை கூடியும் மகசூல் ஏன் கூடவில்லை?

எட்டாம் வகுப்பில் பயிர்ப் பெருக்கம் பாடம் நடத்தியபோது, உரம் கூடக்கூட விளைச்சல் கூடும் என்று கரும்பலகையில் நேர்க்கோடு ஒன்றை வரைந்தேன். மண்ணூரில் இன்னும் நெல் பயிரிடும் ஒரு குடும்பத்து மாணவன் எழுந்து, "சார், தாத்தா முன்னே ஏக்கருக்கு ரெண்டு மூட்டை யூரியா போட்டார். இப்போ மூணு போடுறார். நெல் அதே இருபத்தைந்து மூட்டைதான்" என்றான். என் கோடு தவறு என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. அந்த வகுப்பில் எழுந்த கேள்விகளையும், பிறகு படித்துத் தெரிந்துகொண்டு நான் சொன்ன விடைகளையும் இங்கே தருகிறேன்.

இது நம் ஊரில் மட்டும்தானா?

இல்லை. பஞ்சாபில் ஜூன் மாதம் நெல் நட்டு அக்டோபரில் அறுப்பார்கள். நவம்பரில் அதே வயலில் கோதுமை விதைத்து ஏப்ரலில் அறுப்பார்கள். பசுமைப் புரட்சிக்குப் பிறகு ஆண்டுதோறும் இதுதான் நடக்கிறது. 2000ஆம் ஆண்டையொட்டி ஹெக்டேருக்குச் சுமார் நாலரை டன்னைத் தொட்ட கோதுமை, அடுத்த பத்தாண்டுகளில் அதற்கு மேல் பெரிதாக ஏறவில்லை.

நல்ல விதை, நீர், யூரியா எல்லாம் இருந்தும் ஏன்?

பயிருக்கு எந்தச் சத்து மிகக் குறைவோ, அதுவே விளைச்சலின் எல்லையை முடிவு செய்யும். பல பலகைகள் சேர்ந்த பீப்பாயில் ஒரு பலகை குட்டையாக இருந்தால், தண்ணீர் அதன் உயரம் வரைதான் நிற்கும். யூரியா தழைச்சத்து என்ற ஒரு பலகையை மட்டும் உயர்த்துகிறது.

தாத்தாவின் வயலையே கணக்குப் பார்த்தோம். 75 கிலோ வீதம் 25 மூட்டை நெல் என்றால் ஏறத்தாழ 1.9 டன். வைக்கோலும் அதே அளவு என்று வைப்போம். ஒரு டன் நெல்லில் சுமார் 3 கிலோ பொட்டாசியம் போகிறது. ஒரு டன் வைக்கோலில் சுமார் 15 கிலோ போகிறது. ஆக, ஒரு போகத்தில் ஏக்கருக்கு 35 கிலோ அளவில் வெளியேறுகிறது. இது ஏறத்தாழ 70 கிலோ பொட்டாஷ் உரத்துக்குச் சமம். இதில் ஒரு பகுதியை மண்ணே தரும். ஆனால் வைக்கோலையும் வாரிக்கொண்டு, பொட்டாஷும் போடாமல் பல ஆண்டுகள் போனால் அந்தக் கையிருப்பு கரையும்.

வேறு எந்தப் பலகை குட்டையாகும்?

துத்தநாகம். தேவை மிகச் சிறியது. ஆனால் நீர் தேங்கிய வயலில் அது பயிருக்குக் கிடைக்காத வடிவத்துக்கு மாறிவிடுகிறது. நட்ட இரண்டு முதல் நான்கு வாரங்களில் கீழ் இலைகளில் துருப்பிடித்தாற்போலப் பழுப்புப் புள்ளிகள் தோன்றும், பயிர் குட்டையாக நிற்கும். இதை நோய் என்று எண்ணி மருந்து அடிப்பவர்கள் உண்டு. பந்த்நகரில் 1960களில் ஒய்.எல். நேனே இதைத் துத்தநாகக் குறைபாடு என்று கண்டறிந்தார். ஹெக்டேருக்கு 25 கிலோ துத்தநாக சல்பேட்டை 50 கிலோ மணலில் கலந்து நடவுக்கு முன் தூவச் சொல்வது நம் மாநிலப் பரிந்துரை. மணிச்சத்து உரத்துடன் அதைக் கலக்கக் கூடாது.

சத்தெல்லாம் சரியாக இருந்தும் தேங்குமா?

தேங்கும். நெல்லுக்காகச் சேறடிக்கும்போது மண்கட்டிகள் உடைந்து துகள்கள் நெருங்குகின்றன. ஆண்டுக்கணக்கில் இப்படிச் செய்தால், சுமார் 15 முதல் 25 சென்டிமீட்டர் ஆழத்தில் இறுகிய தளம் உருவாகிறது. தண்ணீரைத் தாங்கி நிறுத்துவதால் நெல்லுக்கு அது வசதி. கோதுமைக்கு அதுவே தடை. வேர் கீழே இறங்க முடியாது. முதல் பாசனத்துக்குப் பிறகு நீர் வடியாமல் நின்று பயிர் மஞ்சளாகும். அறுவடைக்கும் விதைப்புக்கும் இடையே சில வாரங்களே இருப்பதால் வைக்கோலை எரித்துவிடுகிறார்கள். மண்ணை மிருதுவாக்க வேண்டிய கரிமப் பொருளும், அதிலிருந்த தழைச்சத்தும் புகையாகப் போகின்றன.

நாங்கள் எப்படிக் கண்டுபிடிப்பது?

நெல் அறுத்த பின், ஈரம் காயும் முன் ஒரு பழைய குடைக்கம்பியை மெல்ல அழுத்திப் பார்க்கச் சொன்னேன். வரப்பையொட்டிய மிதிபடாத மண்ணில் எளிதாக இறங்கிய கம்பி, வயலுக்குள் ஒரு சாண் ஆழத்தில் நின்றது. வளைந்து போகுமளவு அழுத்தக் கூடாது, மண் காய்ந்தபின் பார்த்தால் எங்கும் நிற்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்படியானால் தாத்தா என்ன செய்யலாம்?

முதலில் மண் பரிசோதனை. எந்தப் பலகை குட்டை என்று தெரியாமல் எதைப் போட்டாலும் வீண். அடுத்து, இரண்டு நெல்லுக்கிடையே தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் தறுவாயில் மடக்கி உழலாம், அல்லது நெல் தரிசில் உளுந்து போடலாம். தளம் இறுகி அடுத்த பயிர் வாடினால், மண் காய்ந்திருக்கும்போது உளிக்கலப்பை ஓட்டலாம். ஆனால் நெல் மட்டுமே போடுபவர் அதைச் செய்தால் தண்ணீர் கீழே இறங்கிவிடும்.

இவை எல்லாம் செய்தாலும் மகசூல் முடிவில்லாமல் ஏறாது. ஒவ்வொரு ரகத்துக்கும், அது வளரும் பருவத்தின் வெயிலுக்கும் ஓர் உச்சம் உண்டு. அந்த உச்சத்துக்கு வெகு கீழேயே நின்றுவிடுவதைத்தான் நாம் சரிசெய்ய முடியும்.

இப்போது என் கரும்பலகையில் அந்தக் கோடு முதலில் ஏறி, பிறகு வளைந்து, படுத்துவிடுகிறது. வளையும் இடத்தில், "எந்தப் பலகை?" என்று மாணவர்களை எழுதச் சொல்கிறேன்.