மணப்பெண்ணோட மெசேஜ்: அரக்கு கலரும் வேணும், முடியும் வேணும்

இந்த எபிசோடுல ஒரே ஒரு வாட்ஸ்அப் மெசேஜைத்தான் பிரிச்சுப் பார்க்கப் போறோம். கல்யாணப் பொண்ணு, தன் பியூட்டிஷியன் அக்காவுக்கு எழுதுறது. உதாரணத்துக்கு, கலசப்பாக்கத்துல ஒரு பொண்ணுன்னு வெச்சுக்கோங்க. கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாசம். ஆரணிப் பட்டு எடுத்தாச்சு, அரக்கு பார்டர். ரிசப்ஷனுக்கு முடியும் அதே அரக்குல இருக்கணும்.

பொதுவா போற மெசேஜ் எப்படி இருக்கும்? ஒரு போட்டோ, கூடவே “அக்கா இந்த கலர் வேணும், முடி கொட்டக் கூடாது.” இதை வெச்சு அந்த அக்காவால எதையும் முடிவு பண்ண முடியாது. ஏன்னு புரிய, பக்கத்துலயே இருக்கிற சாயப் பட்டறையைப் பாருங்க. பட்டு நூலை சோப்பும் சோடாவும் போட்ட கொதிதண்ணியில அலசி, பசையை எடுத்து வெள்ளையாக்கிட்டுத்தான் சாயம் ஏத்துவாங்க. வெள்ளை நூல் எந்த கலரையும் வாங்கும். நம்ம முடியோ பிறக்கும்போதே கறுப்பு நூல். அதுல போட்டோவுல இருக்கிற பளிச் சிவப்பு வரணும்னா முதல்ல உள்ள இருக்கிற கறுப்பை ப்ளீச் பண்ணி எடுக்கணும். சேதம் பெரும்பாலும் அந்த இடத்துலதான் நடக்குது. அதனால கலரை முடிவு பண்ணிட்டு சேதத்தைப் பத்திப் பேசக் கூடாது. எவ்வளவு சேதம் தாங்கலாம்னு முதல்ல சொன்னா, எந்த கலர் சாத்தியம்னு தானா தெரியும்.

நம்ம பொண்ணோட மெசேஜ் இப்படி இருக்கலாம்:

“அக்கா, இடுப்பு வரைக்கும் முடி. மூணு வருஷமா மாசம் ஒரு தடவை மருதாணி பாக்கெட் போடுறேன். முன்பக்கம் மட்டும் ஆறு மாசமா கறுப்பு டை பவுடர். ஸ்மூத்தனிங் பண்ணதில்ல. அரக்கு ஷேடு வேணும், வெயில்லயும் போட்டோ லைட்லயும் தெரிஞ்சா போதும். ப்ளீச் வேண்டாம். டெவலப்பர் 20 வால்யூமுக்கு மேல வேண்டாம். நீளத்தைக் குறைக்க மாட்டேன். இதுக்குள்ள வராதுன்னா கலரை விட்டுடலாம், முடியை விட வேண்டாம். முதல்ல ஒரு கொத்துல டெஸ்ட் பண்ணிச் சொல்லுங்க.”

டெவலப்பர்னா நம்ம ஆளுங்க இல்ல, ஹைட்ரஜன் பெராக்சைடு. 20 வால்யூம்னா 6 சதவீதம், 40 வால்யூம்னா 12. சாயம் போடாத முடியில 20 வால்யூம் கறுப்பை ஒண்ணு ரெண்டு படி இறக்கும். அடர் அரக்குக்கு அது போதும்.

ஆனா மெசேஜுல ரொம்ப முக்கியம் அந்த மருதாணி, டை பவுடர் வரிகள்தான். நிறைய பேர் வெட்கப்பட்டு இதைத்தான் மறைப்பாங்க. சில மருதாணி பாக்கெட்லயும் டை பவுடர்லயும் உலோக உப்பு கலந்திருக்கும். அது பெராக்சைடைத் தொட்டா சூடாகும், முடி உடைஞ்சே போகலாம். கண்டுபிடிக்க வழி இருக்கு. கழுத்துக்கு மேல உள்பக்கத்துல ஒரு சின்னக் கொத்து, டை போட்ட முன்பக்கத்துல ஒரு சின்னக் கொத்து வெட்டி, 20 பங்கு 6 சதவீத பெராக்சைடும் ஒரு பங்கு அம்மோனியாவும் சேர்த்த கலவையில அரை மணி நேரம் போடணும். நுரைச்சா, சூடானா, சட்டுனு நிறம் மாறினா அந்த முடிக்கு பெராக்சைடு கூடவே கூடாது.

அதுல தேறினா, இன்னொரு கொத்துல நிஜ கலரைப் போட்டு அலசி, ஈரத்தோட மெதுவா இழுத்துப் பாருங்க. நல்ல முடி கொஞ்சம் நீண்டு திரும்பும். சூயிங்கம் மாதிரி நீண்டு அப்படியே நின்னாலோ, பட்டுனு அறுந்தாலோ நிறுத்திடணும்.

இந்தப் பொண்ணு கேஸ்ல டெஸ்ட் தேறினாலும் முன்பக்கம் கலர் மாறாது. ஏற்கெனவே கறுப்பு ஏறின நூல் மேல அரக்கு சாயம் போட்டா கறுப்பாத்தானே இருக்கும்? முடியிலயும் சாயத்தைச் சாயம் இறக்காது. ப்ளீச் அவ போட்ட எல்லைக்கு வெளியே. அதனால நல்ல தீர்வு: பின்பக்க நீளத்துல மட்டும் கலர், முன்னாடி ரெண்டு மூணு அரக்கு கிளிப் எக்ஸ்டென்ஷன். முகூர்த்தத்துக்கு எப்படியும் சவுரி வெச்ச ஜடையும் மல்லியும்தான், அங்க கலரை யாரும் தேடப் போறதில்ல.

காதுக்குப் பின்னாடி பேட்ச் டெஸ்டும் 48 மணி நேரம் முன்னாடியே பண்ணிடணும். ‘டை பவுடர் எனக்கு ஒத்துக்குச்சே’ங்கிறது காரணமில்ல. பிபிடி அலர்ஜி பல தடவை போட்ட பிறகும் வரலாம்.

அப்புறம் நம்ம ஊர் சமாச்சாரம் ஒண்ணு. சாயத்துல சிவப்புதான் சீக்கிரம் வெளுக்கும். நலங்குக்குத் தலை நிறைய எண்ணெய் வெச்சு, சீயக்காய் போட்டு அழுத்தித் தேய்ச்சா பாதி அங்கயே போயிடும். அதனால நலங்கு தேதியையும் மெசேஜுல சேர்த்துடுங்க. அக்கா அதுக்கேத்த மாதிரி கலர் நாளை வைப்பாங்க. பாட்டிகிட்ட முன்னாடியே பேசி, உச்சியில ரெண்டு சொட்டு எண்ணெயோட நிறுத்திக்கச் சொல்லலாம். பாட்டி ஒத்துக்கலைன்னா நலங்கை முடிச்சிட்டு, அதுக்கப்புறம் கலருக்கு உட்காருங்க.